ஒற்றை யன்னல் வீட்டில் சூம் நேர்முகத்தேர்வு

கிளிநொச்சியில் வீட்டுத்திட்ட வீடொன்றில் வசிக்கும் தங்கை ஒருவருக்குக் கொழும்பு நிறுவனமொன்றின் நேர்முகத்தேர்வு. காலை 10 மணி, சூம் ஊடாக. கணினி இல்லை; கைத்தொலைபேசி மட்டுமே. முதல் நாள் அதே 10 மணிக்கு நாங்கள் இருவரும் ஒத்திகை பார்த்தோம்.

அவர் முதலில் யன்னலுக்கு முதுகுகாட்டி அமர்ந்தார். திரையில் முகம் கறுத்து, கண்களே தெரியவில்லை. பின்னாலுள்ள பெருவெளிச்சத்தைக் கண்ட கமரா, படம் முழுவதையும் இருட்டாக்கிவிடுகிறது. கதிரையைத் திருப்பி யன்னலை நோக்கி அமர்த்தினோம். கிழக்கு வெயில் நேரே விழுந்து கண் கூசியதால், யன்னலில் வெள்ளைத் துணியொன்றைக் கட்டினோம். வெளிச்சம் மென்மையாகப் பரவியது. தலைக்கு மேலே எரிந்த மின்குமிழையும் அணைத்தோம். அது கண்களுக்குக் கீழே நிழல் விழுத்தியது.

அடுத்தது தொலைபேசியை வைக்கும் இடம். கையில் பிடித்தால் படம் ஆடும். மேசையில் புத்தகங்களை அடுக்கி, கமரா கண்மட்டத்துக்கு வரும்வரை உயர்த்தி, பின்னால் பால்மா டின்னொன்றை முட்டுக்கொடுத்தோம். எதிர்ப்பக்கம் கணினியில் பார்ப்பார்கள் என்பதால் தொலைபேசியைக் கிடையாக வைத்தோம். ஒரு கை நீளத் தூரம். தலைக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி. கீழே நெஞ்சு வரை. கிடையாக வைக்கும்போது கமரா ஒரு பக்க ஓரத்துக்குப் போய்விடும். திரையைப் பார்த்துப் பேசினால் வேறெங்கோ பார்ப்பதுபோல் தெரியும். எனவே கமராவின் அருகில் சிறு பொட்டொன்றை ஒட்டி, பதில் சொல்லும்போது அதைப் பார்க்கச் சொன்னேன்.

மிகவும் சிக்கலானது அழைப்புகள். வெளிநாட்டு உறவுகள் வட்ஸ்அப்பில் எந்நேரமும் எடுப்பார்கள். சத்தத்தை மட்டும் குறைத்தால் போதாது. அழைப்பு வந்தால் சூமின் ஒலி தடைப்படலாம். அன்ட்ரொயிட் தொலைபேசியில் `Do Not Disturb` போட்டாலும், பல தொலைபேசிகளில் நட்சத்திரமிட்ட எண்களின் அழைப்பும், ஒருவரே 15 நிமிடங்களுக்குள் இரண்டாம் முறை எடுக்கும் அழைப்பும் ஒலிக்கும். அதன் அமைப்புக்குள் போய் இந்த இரு விலக்குகளையும், அலாரத்தையும் நிறுத்தவேண்டும்.

சாதாரண அழைப்பைத் தடுக்க, அம்மாவின் தொலைபேசியில் ஹொட்ஸ்பொட் போட்டோம். தங்கையின் தொலைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வைபையை மட்டும் திறந்து அதனுடன் இணைத்தோம். இதிலும் ஓர் எல்லை உண்டு: ஹொட்ஸ்பொட் தரும் தொலைபேசிக்கு அழைப்பு வந்தால், சில இடங்களில் டேட்டா நின்றுவிடும். ஆகவே அம்மாவுக்கு வழமையாக எடுப்பவர்களுக்கு, 11 மணிவரை எடுக்கவேண்டாம் என்று முதல்நாளே குரல்பதிவு அனுப்பினோம்.

கடைசியில் நான் முற்றத்தில் நின்று அவருக்கு வட்ஸ்அப் அழைப்பொன்றை எடுத்தேன், சில நிமிடங்களில் மீண்டும் எடுத்தேன். இரண்டு முறையும் அவரது தொலைபேசி அசையவில்லை. அதன் பின்னரே எல்லாம் தயார் என்று எழுந்தோம்.