புகை மருந்தும் கொசுப்புழு மருந்தும்: டெங்குத் தடுப்பில் எதற்கு எவ்வளவு இடம்?

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டில் அரசுக் கணக்குப்படி 23,294 பேருக்கு டெங்கு வந்தது. 65 பேர் இறந்தனர். இத்தகைய பரவலின்போது உள்ளாட்சி அமைப்பு செயல்படுகிறது என்பதற்கு மக்கள் முதலில் எதிர்பார்க்கும் அடையாளம் தெருவில் கிளம்பும் வெண்புகை. புகை அடிப்பதே வீண் என்று பூச்சியியல் அறிந்தவர்கள் சிலர் சொல்வதும் உண்டு. இரண்டு நிலைகளையும் ஏற்க முடியவில்லை. புகை மருந்துக்கு ஒரு குறுகிய, உண்மையான பயன் இருக்கிறது. ஆனால் அந்தப் பயன் வீட்டுக்குள் கிடைப்பது, தெருவில் கிடைப்பதில்லை. பரவலை நிறுத்தும் வேலையின் பெரும்பகுதி தண்ணீர்த் தொட்டியில்தான் நடந்தாக வேண்டும். அங்கே பயன்படும் டெமிபாஸ், ஊர்ப் பேச்சில் அபேட் மருந்து, பலர் நினைப்பதைவிடக் கவனமாகக் கையாள வேண்டிய ஒன்று.

புகை இயந்திரம் மருந்தை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கலந்து, சூடாக்கி, 30 மைக்ரானுக்கும் சிறிய துளிகளாக்கிக் காற்றில் மிதக்க விடுகிறது. துளி கொசுவின் மேல் பட்டால் கொசு சாகும், படாவிட்டால் சாகாது. சற்று நேரத்தில் புகை கலைந்துவிடும், சுவரில் எச்சமாகத் தங்கிக் கொல்லும் திறன் அதற்குக் கிடையாது. முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகிய மூன்றும் தண்ணீர்த் தொட்டிக்குள் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி வீட்டோடு வாழும் கொசு. கட்டிலுக்கு அடியிலும், கொடியில் தொங்கும் துணிகளுக்கு இடையிலும், அலமாரியின் பின்புறத்திலும் ஓய்வெடுக்கும். தெருவில் வண்டி புகை கக்கிக்கொண்டு வரும்போது வீட்டுக்காரர்கள் நெடி தாங்காமல் கதவையும் சன்னலையும் சாத்துகிறார்கள். சாக வேண்டிய கொசு அப்படியே பாதுகாக்கப்படுகிறது. வெயில் ஏறிய நேரத்தில் அடித்தால் சூடான தரைக்காற்று புகையை மேலே தூக்கிச் சென்றுவிடும் என்பது தனிக் குறை. இப்படிக் காற்றில் மருந்து தெளிப்பது பற்றிய ஆய்வுகளை ஒருசேர மதிப்பிட்டவர்கள், அது டெங்கு நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்றே முடித்திருக்கிறார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கொசு நோயாளியைக் கடித்த உடனே நோய் பரப்புவதில்லை. வைரஸ் அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட ஏறத்தாழ 8 முதல் 12 நாட்கள் ஆகும். ஆகவே ஆபத்தானது வயதான கொசு மட்டுமே. முதிர்ந்த கொசுக்களைக் கொல்லும் கருவிதான் பரவலை நேரடியாக வெட்டும், புழு மருந்து நாளைய கொசுவைத்தான் தடுக்கும் என்பது அந்த வாதம். வாதம் சரியானது, ஒரு நோயாளியின் நாட்களை எண்ணிப் பார்த்தாலே புரியும். காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்து ஏறக்குறைய ஐந்தாம் நாள்வரை அவர் இரத்தத்திலிருந்து கொசுவுக்கு வைரஸ் போகும். முதல் இரண்டு நாட்கள் மருந்துக்கடை மாத்திரையில் கழிகின்றன, நான்காம் நாள் இரத்தப் பரிசோதனை, ஐந்தாம் நாள் சுகாதாரத் துறைக்குத் தகவல் என்று கொள்வோம். முதல் நாளில் அவரைக் கடித்த கொசு நோய் பரப்பத் தொடங்க அப்போதும் குறைந்தது மூன்று, நான்கு நாட்கள் மிச்சம் இருக்கும். அந்த இடைவெளிக்குள் நோயாளியின் வீட்டிலும் சுற்றுவட்டார வீடுகளிலும் உள்ளே புகுந்து அடித்து, ஒரு வாரத்தில் மீண்டும் அடித்தால் சங்கிலியின் அந்தக் கண்ணி அறுபடும். ஏடிஸ் பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை என்பதும் இதற்குச் சாதகம். ஆனால் இந்த வாதம் நியாயப்படுத்துவது தகவல் கிடைத்த ஓரிரு நாளில், கைக்கருவியோடு, அறை அறையாகச் செய்யும் வேலையை. வாரத்துக்கு ஒருமுறை பிரதான சாலையில் வண்டி ஓட்டுவதற்கு இதை ஆதாரமாகக் காட்ட முடியாது. பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கு ஏடிஸ் பல நாடுகளில் எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டதால் உள்ளே அடிப்பதும் எல்லா ஊரிலும் ஒரே பலனைத் தராது.

வீட்டுக்குள் அடித்த மறுநாள் என்ன நடக்கும்? வாசலில் இருக்கும் 200 லிட்டர் டிரம்மில் கூட்டுப்புழு இருந்தால் இரண்டொரு நாளில் புதிய கொசுக்கள் பறந்துவிடும். அவற்றில் பெரும்பாலானவை வைரஸ் இல்லாதவை. ஆனால் தெருவில் அடுத்த நோயாளி இருந்தால் கதை மறுபடி தொடங்கும். அதனால்தான் தொட்டி முக்கியம். டெமிபாஸ் ஓர் ஆர்கனோபாஸ்பேட். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். இங்கே வழக்கத்தில் உள்ள 50 விழுக்காட்டுத் திரவத்தில் 1 மில்லிலிட்டர் 500 லிட்டர் தண்ணீருக்குப் போதும். அந்த டிரம்முக்கு 0.4 மில்லிலிட்டர். இவ்வளவு சிறிய அளவை மூடியில் ஊற்றிக் கண்மதிப்பில் விடுவது தவறுக்கு வழி. முன்கூட்டியே நீர்த்த கரைசலை அளந்து ஊற்றுவதோ, 1 விழுக்காட்டு மணல் குருணையை 10 லிட்டருக்கு 1 கிராம் என இடுவதோ பாதுகாப்பானது.

தண்ணீர் அசையாமல் இருந்தால் மருந்தின் வேலை வாரக்கணக்கில் நீடிக்கும். நம் வீடுகளில் தண்ணீர் அசையாமல் இருப்பதில்லை. நான்கு நாளுக்கு ஒருமுறை குழாயில் நீர் வரும் தெருவில் டிரம் அதற்குள் பெரும்பாலும் காலியாகி, திரும்ப நிரம்பும். ஒவ்வொரு நிரப்பலிலும் மருந்து நீர்த்துப்போகும். நெடி பிடிக்காமல் ஊழியர் போனதும் கொட்டிவிடுபவர்களும் உண்டு. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகளை மருந்து தொடுவதே இல்லை. அவை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, நீர் ஏறியதும் பொரிக்கும். அவற்றை நாரால் தேய்த்துத்தான் அகற்ற முடியும். பிரேசில் 1960களின் இறுதியிலிருந்து டெமிபாஸை நம்பியிருந்தது; பின்னர் எதிர்ப்புத் திறன் பரவியதால் வேறு மருந்துகளுக்கு மாற நேர்ந்தது. எனவே மருந்திட்ட தொட்டியை ஏழாம் நாள் திறந்து பார்ப்பது அவசியம். அப்போது கூட்டுப்புழு இருந்தால் மருந்து வெளியேறிவிட்டதா, கொசுவே தாங்கப் பழகிவிட்டதா என்று பிரித்தறிய வேண்டும். அந்தப் புழுக்களின் அடுத்த தலைமுறையை அளந்த மருந்துநீரில் 24 மணி நேரம் விட்டு, எத்தனை சாகின்றன என்று எண்ணினால் விடை தெரியும்.

குடிநீரில் பூச்சிமருந்தா என்ற கேள்வியை அறியாமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்ட பாதுகாப்பான நாள் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.023 மில்லிகிராம். முழு அளவு மருந்திட்ட நீரை 0.75 லிட்டர் குடிக்கும் 5 கிலோ புட்டிப்பால் குழந்தைக்கு உட்செல்லும் அளவு கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் வரை போகும். மருந்தின் ஒரு பகுதி தொட்டிச் சுவரில் ஒட்டிவிடுவதால் உண்மையில் உட்செல்வது இதைவிடக் குறைவு. ஆனாலும் கைக்குழந்தையின் பாலுக்கு வேறு தண்ணீர் எடுக்கச் சொல்வதும், குடிநீர்ப் பாத்திரத்தில் மருந்திடாமல் மூடிவைக்கச் சொல்வதும் ஊழியரின் கடமை. பிடிஐ என்னும் பாக்டீரிய மருந்து புழுவை மட்டும் குறிவைப்பது. ஆனால் சீக்கிரம் வலுவிழக்கும். பைரிப்ராக்சிபென் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமிலேயே புழுவைக் கொசுவாக விடாமல் தடுக்கும். ஆனால் புழு உடனே சாவதில்லை. தொட்டியில் அது நெளிவதைப் பார்த்து மருந்து போலி என்று மக்கள் முடிவுகட்டக்கூடும்.

கவிழ்க்கக்கூடியதைக் கவிழ்த்து, மூடக்கூடியதை மூடிய பிறகு எஞ்சும் தொட்டிகளுக்கே டெமிபாஸ். நோயாளியைச் சுற்றியுள்ள வீடுகளின் உட்புறத்துக்கே புகை. இந்த வரிசையில்தான் ஆளும் பணமும் ஒதுக்கப்பட வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள் தம் நாளேட்டில் புகை அடித்த தெருக்களின் எண்ணிக்கையை எழுதுவதை விட்டு, ஏழாம் நாள் மறுசோதனையில் கூட்டுப்புழு இருந்த தொட்டிகளின் எண்ணிக்கையை வார்டு வாரியாக வெளியிட வேண்டும்.