விளக்கப்படத் தேர்வு: காலமாற்றமும் பங்கீடும்

புள்ளிவிவரங்களைப் படமாக வரையும்போது எந்த வகைப் படத்தை எடுப்பது என்பது, அந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பொறுத்தது. ‘ஆண்டுக்கு ஆண்டு கூடியதா, குறைந்ததா’ என்பது ஒரு கேள்வி. அதற்குக் கோட்டு வரைபடம் பொருந்தும். ‘மொத்தத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு’ என்பது வேறு கேள்வி. அதற்கு வட்ட விளக்கப்படமோ, ஒரே பட்டையைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் அடுக்குப் பட்டையோ பொருந்தும். இரண்டையும் ஒரே படத்தில் கேட்கும்போதுதான் தவறுகள் நேர்கின்றன.

இந்த இரு வகைப் படங்களையும் பொருளாதாரப் புள்ளிவிவரங்களுக்குப் பயன்படும் உருவத்தில் தந்தவர் ஒருவரே: ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் (1759–1823). தந்தை சிறு வயதிலேயே இறந்துவிட, கணித அறிஞரான அண்ணன் ஜான் பிளேஃபேரிடம் வளர்ந்தார். தினமும் வெப்பமானியைப் பார்த்து அளவைக் குறித்துவைக்கும் பழக்கத்தை அண்ணன் ஏற்படுத்தினார் என்றும், தம் வரைபடங்களின் தொடக்கம் அதுதான் என்றும் வில்லியமே பின்னாளில் எழுதியிருக்கிறார். இளமையில் நீராவி எந்திரம் செய்த ஜேம்ஸ் வாட்டிடம் பர்மிங்ஹாமில் வரைவாளராக வேலை பார்த்தார். அளவு பிசகாமல் கோடு போடும் பயிற்சி அங்கே கிடைத்தது. வரலாற்று மனிதர்களின் வாழ்நாளைக் கிடைக்கோடுகளாகக் காட்டிய ஜோசப் பிரீஸ்ட்லியின் 1765-ஆம் ஆண்டுப் படமும் அவருக்கு முன்மாதிரியாக இருந்தது.

1786-இல் வெளிவந்த அவருடைய வணிக, அரசியல் வரைபடத் தொகுப்பில் 44 படங்கள் உள்ளன. அவற்றில் 43 படங்கள் காலத்தைக் கிடை அச்சிலும் பணத்தை நிலை அச்சிலும் வைத்த கோட்டு வரைபடங்கள். இங்கிலாந்து ஒவ்வொரு நாட்டோடும் நடத்திய ஏற்றுமதியும் இறக்குமதியும் இரண்டு கோடுகளாக ஓடும். இடைப்பட்ட பரப்புக்கு வண்ணம் தீட்டி, வணிகம் யாருக்குச் சாதகம் என்று காட்டினார். மீதமிருந்த ஒன்றே ஒன்றுதான் பட்டைப் படம். ஸ்காட்லாந்து 17 நாடுகளோடு செய்த வணிகத்துக்கு 1780 கிறிஸ்துமஸ் முதல் 1781 கிறிஸ்துமஸ் வரை ஓராண்டுக் கணக்கே அவருக்குக் கிடைத்தது. ஓராண்டை வைத்துக்கொண்டு கோடு இழுக்க முடியாது என்பதால் பட்டைகளாக வரைந்தார். காலம் இல்லாத படம் என்பதால் இதை மற்றவற்றைவிடக் குறைந்ததாகவே அவர் கருதினார். இன்று உலகெங்கும் புழங்கும் பட்டை விளக்கப்படம், தரவுக் குறையால் பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது. கையில் இருக்கும் தரவு எதைத் தாங்குமோ அதைத்தான் வரைய வேண்டும் என்ற நெறியை அவர் அப்போதே கடைப்பிடித்திருக்கிறார்.

வட்டம் 15 ஆண்டுகள் கழித்து வந்தது. 1801-இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றும் ஒரு வட்டம். வட்டத்தின் பரப்பு நாட்டின் நிலப்பரப்புக்கு ஈடானது. துருக்கியப் பேரரசு மூன்று கண்டங்களில் பரவியிருந்ததால் அதன் வட்டத்தை ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என மூன்று கூறுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி வண்ணம் கொடுத்தார். அச்சில் வந்த முதல் வட்ட விளக்கப்படமாக இதையே கொள்கிறார்கள். இதில் காலம் எங்குமே இல்லை. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு முழுமை எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதை மட்டுமே படம் சொல்கிறது. வட்டத்தின் வேலை இன்றுவரை அதுதான்.

பிரான்ஸில் சார்ல் மினார் 1858-இல் இந்த வட்டங்களை நிலப்படத்தின் மேல் ஏற்றினார். பாரிஸ் நகருக்கு எந்தெந்த மாவட்டத்திலிருந்து எவ்வளவு இறைச்சிக் கால்நடைகள் வந்தன என்பதை, மாவட்டத்துக்கு ஒரு வட்டமாக அது காட்டியது. அதே ஆண்டில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் துணிச்சலான ஒரு கலப்பைச் செய்தார். கிரிமியப் போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் கணக்கை, மாதத்துக்கு ஓர் இதழாக வட்டத்தைச் சுற்றி அடுக்கினார். தொற்றுநோயால் இறந்தோர் நீலம், காயத்தால் இறந்தோர் சிவப்பு, மற்றவர்கள் கறுப்பு. 1855 ஜனவரியில் மட்டும் நோயால் 2761 பேர் இறந்தார்கள். காயத்தால் இறந்தவர்கள் 83 பேர். அந்த நீல இதழைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் மாதத்துக்கு மாதம் எவ்வளவு கூடியது என்று அந்தப் படத்தில் அளக்க முயன்றால் கண் திணறும். நிறப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படாமல், எல்லாமே மையத்திலிருந்து அளக்கப்பட்டிருப்பதால் முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறாகவே படிக்கிறார்கள். காலத்தைக் கோட்டில் ஓடவிட்டிருந்தால் ஏற்றமும் இறக்கமும் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும்.

வட்டமா பட்டையா என்ற சர்ச்சை 1920-களில் அமெரிக்கப் புள்ளியியலாளர்களிடையே சோதனைகளோடு நடந்தது. வட்டத்துக்குச் சாதகமான முடிவுகளும் வந்தன. பின்னர் 1984-இல் வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் இருவரும் கண் எதைச் சரியாக அளக்கிறது என்று சோதித்து வரிசைப்படுத்தினார்கள். பொது அளவுகோலில் ஒரு புள்ளி நிற்கும் இடத்தைக் கண் மிகச் சரியாகப் படிக்கிறது. நீளம், கோணம் ஆகியவை அதற்குக் கீழே வருகின்றன. பரப்பு இன்னும் கீழே. கோட்டு வரைபடம் இடத்தை நம்புகிறது. வட்டம் கோணத்தையும் பரப்பையும் நம்புகிறது. ஆகவே ஒரே ஒரு முழுமையை இரண்டு மூன்று கூறாகக் காட்ட வட்டம் போதும். ஆண்டுக்கொரு வட்டம் வரைந்து ஒப்பிடச் சொல்வது வாசகருக்குச் செய்யும் அநீதி.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து இதைப் பார்க்கலாம். 2001-இல் மொத்த மக்களில் 27.8 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தார்கள், 2011-இல் 31.1 விழுக்காட்டினர். இரண்டு வட்டங்கள் வரைந்தால் நகர்ப்புறக் கூறு முதல் வட்டத்தில் 100 பாகை, இரண்டாவதில் 112 பாகை. வித்தியாசம் 12 பாகை. கடிகாரத்தின் நிமிட முள் இரண்டு நிமிடத்தில் நகரும் தூரம். எண்களை எழுதிவைக்காவிட்டால் இரண்டு வட்டமும் ஒன்றுபோலவே தோன்றும். மக்கள்தொகை வளர்ந்ததைக் காட்ட இரண்டாவது வட்டத்தைப் பெரிதாக்கினால் இன்னொரு பிழை சேரும். மொத்தம் 102.9 கோடியிலிருந்து 121.1 கோடியானது, அதாவது சுமார் 18 விழுக்காடு உயர்வு. ஆரத்தை 18 விழுக்காடு கூட்டினால் பரப்பு 39 விழுக்காடு பெருத்துவிடும். பிளேஃபேர் செய்ததுபோலப் பரப்பையே ஈடாக்க வேண்டுமென்றால் ஆரத்தை 8.5 விழுக்காடு மட்டுமே கூட்ட வேண்டும். அப்போது வளர்ச்சி கண்ணுக்குப் படாது.

இதே தரவைக் கோடாக வரைந்தால் கதை வேறு. நகர்ப்புறப் பங்கு 1951-இல் 17.3, 1961-இல் 18.0, 1971-இல் 19.9, 1981-இல் 23.3, 1991-இல் 25.7 என ஏறி 31.1-ஐத் தொடுகிறது. முதல் பத்தாண்டு ஏறக்குறையத் தட்டையாக இருப்பதும் 1971-க்குப் பின் கோடு நிமிர்வதும் உடனே தெரிகின்றன. அந்தத் தட்டைப் பகுதியில் எச்சரிக்கை தேவை. எதை நகரம் என்று கொள்வது என்ற வரையறையை 1961 கணக்கெடுப்பு இறுக்கியது. முன்பு நகரமாக எண்ணப்பட்ட பல ஊர்கள் கிராமமாயின. வரையறை மாறிய இடத்தில் கோட்டை முறித்தோ, அடிக்குறிப்பு இட்டோ காட்டாவிட்டால், அலுவலக முடிவு ஒன்று மக்கள் இடம்பெயராததுபோல் படிக்கப்படும்.

பங்கும் மாற்றமும் ஒன்றாக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நூறு விழுக்காட்டு அடுக்குப் பட்டை ஒரு வழி. ஆண்டுக்கு ஒரு பட்டை. எல்லாம் ஒரே உயரம். இதில் ஊர்ப்புறப் பங்கு 2001-க்கும் 2011-க்கும் இடையே சரிவது தெளிவாகத் தெரியும். பார்ப்பவர் கிராமங்கள் காலியாகின்றன என்று முடிவுகட்டுவார். உண்மையில் ஊர்ப்புற மக்கள் 74.2 கோடியிலிருந்து 83.4 கோடியாகப் பெருகினார்கள். அதாவது சுமார் 9 கோடிப் பேர் கூடினார்கள். நகரங்களிலும் ஏறத்தாழ அதே அளவு கூடியது. பங்கு குறைவதும் எண்ணிக்கை குறைவதும் வெவ்வேறு செய்திகள். பங்கைக் காட்டும் படத்தின் அருகில் எண்ணிக்கையைக் காட்டும் கோட்டுப் படம் ஒன்றையும் வைப்பதே நேர்மையான வழி.

எண்ணிக்கையை அப்படியே அடுக்கும் பரப்புப் படத்துக்கு இன்னொரு குறை உண்டு. அடியில் இருக்கும் அடுக்கு மட்டுமே நேரான தளத்தில் நிற்கிறது. மேலே உள்ளவை ஏறி இறங்கும் அடித்தளத்தில் நிற்பதால் அவற்றின் தடிமனைக் கண்ணால் அளக்க முடியாது. சாய்ந்து ஏறும் இரண்டு கோடுகளுக்கு இடையே கண் செங்குத்துத் தூரத்தைப் பார்ப்பதில்லை. மிகக் குறுகிய தூரத்தைத்தான் பார்க்கிறது. கிளீவ்லண்ட் இதற்குப் பிளேஃபேரின் படத்தையே சான்றாக எடுத்தார். இங்கிலாந்துக்கும் கிழக்கிந்தியப் பகுதிகளுக்கும் நடந்த வணிகத்தின் இரு கோடுகளைப் பார்த்தால் 1760-ஐ ஒட்டி இடைவெளி சீராக இருப்பதாகவே தோன்றும். இறக்குமதியிலிருந்து ஏற்றுமதியைக் கழித்துத் தனிக் கோடாக வரைந்தபோது, அங்கே ஒரு கூர்மையான ஏற்றமும் உடனே ஓர் இறக்கமும் ஒளிந்திருந்தது வெளிப்பட்டது. ஆகவே நடு அடுக்கு எப்படி மாறியது என்பதுதான் கேள்வி என்றால், அதை அடுக்கிலிருந்து வெளியே எடுத்துத் தனிக் கோடாக வரைய வேண்டும்.

இன்றைய விரிதாள் மென்பொருள்கள் எல்லா வகைகளையும் ஒரே பட்டியலில் தந்துவிடுகின்றன. அவற்றின் கோட்டு வரைபடத்தில் கவனிக்க வேண்டியது கிடை அச்சு. ஆண்டுகள் எழுத்தாக உள்ளிடப்பட்டிருந்தால் அவற்றை மென்பொருள் சம இடைவெளியில் நிறுத்திவிடும். 2011-க்கு அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. பத்தாண்டு இடைவெளிகளுக்குப் பக்கத்தில் 16 ஆண்டுகளையும் அதே அகலத்தில் அடைத்தால், கடைசித் துண்டின் சாய்வு ஒன்றரை மடங்குக்கு மேல் செங்குத்தாகிவிடும். எக்செல் மென்பொருளில் இதைத் தவிர்க்க, ஆண்டுகளை எண்களாக உள்ளிட்டு Scatter with Straight Lines என்ற வகையை எடுத்தால், அவை உரிய தூரத்தில் நிற்கும்.