தக்மா

பார்சிகள் இறந்தோரின் உடலைக் கிடத்தும், கூரையில்லாத வட்டக் கற்கட்டடத்தின் பெயர் தக்மா. அவெஸ்தா மொழிச் சொல். இதன் வேர் ‘எரித்தல்’ என்று ஒரு சாராரும் ‘புதைத்தல்’ என்று மறு சாராரும் சொல்கிறார்கள். வியப்பு என்னவென்றால், இன்றைய தக்மாவில் இந்த இரண்டுமே விலக்கப்பட்டவை.

காரணம் பார்சிகளுடைய நன்மை, தீமைக் கொள்கையில் இருக்கிறது. நெருப்பும் நீரும் மண்ணும் கடவுளான அகுரா மஸ்தாவின் தூய படைப்புகள்; பிணம் அவற்றைத் தீட்டாக்கிவிடும். சாவு, அவரை எதிர்க்கும் அங்ரா மைன்யுவின் வேலை. உயிர் பிரிந்ததும் ‘நசு’ என்னும் அழுகல் பேய் உடலைப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் நாயை அழைத்துவந்து சடலத்தைப் பார்க்கவைக்கிறார்கள். அதன் பார்வை நசுவை விரட்டுமாம். இந்தச் சடங்குக்கு சக்தீத் என்று பெயர். அருகில் சந்தனக்கட்டையிட்டு நெருப்பு வளர்ப்பார்கள். ஆனால் அந்த நெருப்பு சடலத்தைத் தீண்டக் கூடாது. தீண்டினால் நெருப்புக்குத்தான் தீட்டு.

தக்மாவின் மேல்தளத்தில் மூன்று வட்டங்கள்: வெளியே ஆண்கள், நடுவே பெண்கள், உள்ளே குழந்தைகள். கழுகுகள் தசையைத் தின்றபின், வெயிலில் காய்ந்த எலும்புகள் நடுக்குழியில் சேரும். மாடுகளுக்குத் தந்த டைக்ளோஃபெனாக் மருந்தால் கழுகினம் ஏறக்குறைய அழிந்தது; 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. மும்பை தூங்கர்வாடியில் உள்ள தக்மாக்களில் இப்போது வெயிலைக் குவிக்கும் ஆடிகள் கழுகுகளின் வேலையில் ஒரு பகுதியைச் செய்கின்றன.