புறத்தோற்ற ரெண்டரில் மரங்களும் மனிதர்களும்

கட்டடத்தின் அளவையும் சூழலையும் உணர்த்த, வெளிப்புற ரெண்டரில் மரம், புதர், மனித உருவங்கள் சேர்க்கப்படுகின்றன. கேமரா தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதே சமதளத்தில் நிற்கும் பெரியவர்களின் கண்கள், அவர்கள் அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், தொடுவானக் கோட்டை ஒட்டியே அமைய வேண்டும். தலை அதற்கு வெகு மேலே போனால் ஆள் மிதப்பதுபோலத் தெரியும்.

ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். முகப்பின் நடுவே முழு வேப்பமரத்தை வைத்தால் வாசல் மறைந்துவிடும். அதையே சூரியன் உள்ள பக்கமாகச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தி, மேல் ஓரத்தில் ஒரு கிளையை மட்டும் உள்ளே விட்டால் சுவரில் இலைநிழல் விழும். மரம் இருப்பது புரியும், சுவரும் மறையாது.

புதர்கள் சுவர் தரையைத் தொடும் கோட்டை அங்கங்கே மறைத்தால் போதும். ஒரே மாதிரியைப் பல இடங்களில் வைக்கும்போது ஒவ்வொன்றையும் வேறு கோணத்தில் திருப்பி, உயரத்தையும் சற்றே மாற்ற வேண்டும். இல்லையேல் ஒரே கிளை வரிசையாகத் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். இலைப் பச்சையின் செறிவையும் குறைக்க வேண்டும். ஆட்கள் இரண்டு மூன்று பேர், மங்கிய நிற உடையில், வாசலை நோக்கி நடக்கட்டும். வெட்டி ஒட்டிய உருவமானால் காலடி நிழலின் திசையைக் கட்டட நிழலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.