குரல்வழித் தட்டச்சில் பதிவான மருத்துவக் குறிப்பு: பிழைகளைக் கண்டறிந்து திருத்திப் பெறுதல்

மருத்துவர் பேசுவதைக் கணினியோ கைப்பேசியோ கேட்டு எழுத்தாக மாற்றும் முறை குரல்வழித் தட்டச்சு எனப்படும். புறநோயாளிக் குறிப்பு, ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி போன்றவை இம்முறையில் தயாரிக்கப்படலாம். உங்களிடம் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியை, வீடு திரும்பும் முன் எவ்வாறு சரிபார்ப்பது, பிழை இருந்தால் எவ்வாறு திருத்திப் பெறுவது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

பிழை ஏன் கண்ணில் படுவதில்லை?

"செஸ்ட் பெயின் இல்லை, காலையில் இன்சுலின் ஃபிஃப்டீன் யூனிட்" என்று இரு மொழிகளையும் கலந்து பேசுவது நம் மருத்துவர்களின் இயல்பு. மென்பொருளோ பெரும்பாலும் ஒரு மொழியை எதிர்பார்த்தே கேட்கிறது. ஆங்கிலம் தேர்வு செய்யப்பட்டிருந்தால், இடையில் வரும் தமிழ்ச் சொல்லை ஒலியில் நெருங்கிய ஆங்கிலச் சொல்லாக எழுதிவிடும்; அல்லது விட்டுவிடும். அரிதாகப் புழங்கும் மருந்துப் பெயரைக் கேட்டால், தனக்குப் பழகிய வேறொரு பெயரை எழுதும்.

கையெழுத்து புரியவில்லை என்றால் நீங்களே கேட்டுவிடுவீர்கள். குரல்வழிப் பிழையோ எழுத்துப் பிழையற்ற, தெளிவாக அச்சான, பொருளுள்ள சொல்லாகவே நிற்கும். ஆகையால் தாளை மட்டும் படித்துப் பார்ப்பது போதாது. மருந்து அட்டை, வார்டில் தரப்பட்ட அளவு, பழைய சீட்டு ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

சர்க்கரை நோயும் தைராய்டு குறைபாடும் உள்ள 62 வயதுப் பெண்மணி ஒருவர் வீடு திரும்புவதாகக் கொள்வோம். மருத்துவர் சொன்னவை மூன்று: காலையில் இன்சுலின் 15 யூனிட், தைராக்சின் 12.5 மைக்ரோகிராம், பென்சிலின் ஒவ்வாமை இல்லை. தாளில் பதிவானவை: இன்சுலின் 50 யூனிட், தைராக்சின் 125 மைக்ரோகிராம், பென்சிலின் ஒவ்வாமை.

முதற்பிழை 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' என்னும் சொற்களின் ஒலி ஒற்றுமையால் நேர்ந்தது. இறுதி மெய் சற்றுத் தேய்ந்தாலே 15 என்பது 50 ஆகிவிடும். தமிழில் பதினைந்தும் ஐம்பதும் இவ்வாறு மயங்குவதில்லை. ஆனால் தமிழுக்கும் தனக்கே உரிய மயக்கம் உண்டு: பேச்சுவழக்கில் 'அம்பது', 'எம்பது' என ஒலிக்கும் 50, 80 ஆகிய இரண்டும் எளிதில் இடம் மாறக்கூடியவை. இன்சுலின் பிழையைக் கண்டுகொள்ள ஒரு வழி இருக்கிறது. யு-40 வகை மருந்துக்குரிய 1 மில்லி சிரிஞ்சில் 40 யூனிட் வரைதான் கோடுகள் உள்ளன. சிரிஞ்சு கொள்ளாத அளவு தாளில் இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். பிழையான எண் 40-ஐத் தாண்டாவிட்டால் சிரிஞ்சு காட்டிக்கொடுக்காது. அப்போது வார்டில் செவிலியர் போட்ட அளவுதான் உங்களுக்குச் சான்று.

இரண்டாம் பிழையில் தசமப் புள்ளி விழுங்கப்பட்டது. அளவு பத்து மடங்காகிவிட்டது. இதை மருந்துக் கடை கண்டுபிடித்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது, 12.5, 125 ஆகிய இரு அளவுகளிலும் தைராக்சின் மாத்திரை விற்கப்படுகிறது. வார்டில் விழுங்கிய மாத்திரையின் அட்டையை எடுத்து, அதில் அச்சிட்டுள்ள எண்ணையும் அலகையும் தாளோடு பொருத்திப் பாருங்கள். மில்லிகிராமும் மைக்ரோகிராமும் மாறினால் வேறுபாடு ஆயிரம் மடங்கு.

மூன்றாம் பிழை தமிழின் வாக்கிய அமைப்போடு தொடர்புடையது. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் முன்னே வருகிறது. தமிழில் 'இல்லை' கடைசியில் வருகிறது. வாக்கியம் முடியும்போது குரல் தாழ்வது இயல்பு. சிலர் அதற்குள் ஒலிவாங்கியை அணைத்தும் விடுவர். 'இல்லை' பதிவாகாமல் போனால், இல்லாத ஒவ்வாமை நோயாளியின் பெயரில் நிலைத்துவிடுகிறது. அடுத்த முறை வருபவர் இக்குறிப்பை அப்படியே எடுத்து எழுதுவார். தேவையான மருந்து பல ஆண்டுகள் தவிர்க்கப்படலாம். நோய்கள், ஒவ்வாமை, முந்தைய அறுவைசிகிச்சை ஆகிய பகுதிகளைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் "இது எனக்கு உண்டா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துப் பெயரையும் நோயோடு பொருத்திப் பாருங்கள். ஹைட்ரலசின் என்பது இரத்த அழுத்த மருந்து. ஹைட்ராக்சிசின் என்பது அரிப்புக்குத் தரப்படுவது, உறக்கத்தையும் உண்டாக்கும். ஒவ்வொரு மருந்தும் எதற்காக என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டு, பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால், நோய்க்குத் தொடர்பில்லாத பெயர் தானே தனித்துத் தெரியும்.

திருத்திப் பெறுவது எவ்வாறு?

தாளில் நீங்களே அடித்து எழுத வேண்டாம். அது மருத்துவ ஆவணம். உங்கள் கையெழுத்தில் உள்ள எண்ணை வேறு மருத்துவர் ஏற்கமாட்டார். மருத்துவமனையின் கணினியில் உள்ள மூலப் பதிவும் பழையபடியே இருக்கும். சந்தேகமான வரியைச் சுட்டிக்காட்டி, "வார்டில் 15 யூனிட் போட்டார்கள், இதில் 50 என்று உள்ளது" என ஒப்பீட்டோடு சொல்லுங்கள். "தப்பாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்வதை விட இது விரைவில் பலன் தரும். கணினிப் பதிவில் திருத்தம் செய்து, புதிய தாளில் மருத்துவரின் கையொப்பமும் தேதியும் பெறுங்கள். கையால் திருத்துவதாயின், பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடிட்டு, சரியானதை எழுதி, கையொப்பமும் தேதியும் இடுவது முறை.

பழைய தாளில் 'செல்லாது' என எழுதச் சொல்லுங்கள். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பியிருந்தால், அப்படத்தை நீக்கிப் புதியதை அனுப்புங்கள். இரவில் ஊசி போடுபவர் பெரும்பாலும் கைப்பேசியில் உள்ள படத்தைத்தான் பார்க்கிறார்.

வீடு சென்றபின் பிழை தெரிந்தால், அடுத்த வேளை மருந்துக்கு முன்பே வார்டை அழைத்துக் கேளுங்கள். அளவை நீங்களாக ஊகிக்கவோ இன்சுலினை நீங்களாக நிறுத்தவோ வேண்டாம். மருத்துவப் பதிவின் நகலை நோயாளியோ அவரால் அனுமதிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்பது இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி.

கூடுதல் இன்சுலின் ஏற்கெனவே போடப்பட்டுவிட்டால், உடனே சர்க்கரையைச் சோதித்து மருத்துவமனையை அழையுங்கள். அளவு 70-க்குக் கீழே இருந்தாலோ, வியர்வை, நடுக்கம், குழப்பம் தெரிந்தாலோ, விழுங்கும் நிலையில் உள்ளவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். தற்போது சரியாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்துக் குறையலாம். மயங்கியவருக்கு வாய்வழியாக எதுவும் தராமல் 108-ஐ அழையுங்கள்.

நீங்களே குரலில் குறிப்பெடுக்கும்போது

வீட்டில் சர்க்கரை அளவையும் காய்ச்சலையும் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யும் பராமரிப்பாளர்களுக்கும் இதே பிழைகள் நேரும். ஒரு குறிப்பை முழுவதும் ஒரே மொழியில் பேசுங்கள். விசைப்பலகையின் மொழியையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். எண்களை இலக்கம் இலக்கமாக, "ஒன்று ஐந்து" என்று சொல்லுங்கள். 'இல்லை' என்று சொன்னபின் ஒரு மூச்சு விட்டு ஒலிவாங்கியை அணையுங்கள். மருந்துப் பெயரை மட்டும் அட்டையைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்வதே நல்லது.

பிழையான சொல்லை மீண்டும் உரக்கச் சொல்லித் திருத்த முயல்வது பெரும்பாலும் பயன் தருவதில்லை. மென்பொருள் அதே சொல்லையே மறுபடி எழுதும். அச்சொல்லைத் தொட்டு அழித்துக் கையால் எழுதுங்கள். 'வாய் வழியாக' என்பது 'வாய் வலியாக' என்று பதிவாவது போன்ற ழகர லகர மயக்கங்களை, அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் கண்டுகொள்ளலாம். குறிப்பை அனுப்பும்போது சர்க்கரைமானியின் திரையையும் படமெடுத்து உடன் இணையுங்கள்.