இரண்டுக்குப் பின் பத்து: ஒரு வரிசை பிறந்த கதை

திருவண்ணாமலையில் வேலூர் சாலையில் வடக்கே வந்தால் வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. அதனால் பட்டா, சிட்டா, பத்திரம் என்று கையில் பையோடு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அவர்களுக்கு ஸ்கேன் எடுத்துக் கொடுக்கும் வேலையைச் சில காலம் பார்த்தேன்.

ஒருநாள் ஒரு பெரியவர் 34 பக்கப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கம்1, பக்கம்2 என்று பெயர் கொடுத்துப் பக்கம்34 வரை எடுத்தேன். திரையில் எல்லாம் ஒழுங்காக நின்றன. ஒரு மென்பொருளில் போட்டு ஒரே பிடிஎஃப் ஆக்கி, பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். “தம்பி, வக்கீல் படிச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு. முதல் பக்கம் முடிஞ்சதும் சொத்து விவரம் வந்துடுச்சாம். பங்காளிங்க பேரே காணோமாம்.”

காணாமல் போகவில்லை. முதல் பக்கத்துக்கு அடுத்து பக்கம்10 நின்றது. பிறகு 11, 12 என்று 19 வரை. பெயர்கள் இருந்த இரண்டாம் பக்கம் பன்னிரண்டாவது இடத்தில் இருந்தது. அதன் பின்னால் 20 முதல் 29 வரை, பிறகுதான் 3.

இதைக் கணினியின் தவறு என்று சொல்ல முடியாது. அதற்குச் சொல்லிக்கொடுத்தது அகராதி வரிசை. பெயரை இடமிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். வேறுபடும் முதல் எழுத்தில் எது முந்தியதோ அந்தப் பெயர் முந்தும். 1963-இல் வெளிவந்த ஆஸ்கி எழுத்து அட்டவணையில் 0 என்ற குறிக்கு 48, 1-க்கு 49, 2-க்கு 50 என்று எண் கொடுத்தார்கள். “பக்கம்10”, “பக்கம்2” இரண்டிலும் “பக்கம்” வரை ஒன்றுதான். அடுத்து ஒரு பக்கம் 49, மறுபக்கம் 50. அங்கேயே தீர்ப்பு முடிந்துவிடுகிறது; பின்னால் நிற்கும் பூஜ்யத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்த ஒப்பீட்டுக்குப் பத்து என்பது எண் அல்ல. ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டு எழுத்துகள்.

வெகுகாலம் மனிதர்கள்தான் வளைந்து கொடுத்தார்கள். 01, 02 என்று முன்னால் பூஜ்யம் போட்டார்கள். பக்கம் நூறைத் தொட்டால் எல்லாப் பெயரையும் 001 என்று மாற்ற வேண்டும். 1990களில் ஸ்டூவர்ட் செஷயர் என்பவர் மெக்கின்டாஷ் கணினிக்கு ஒரு சிறு சேர்ப்பு எழுதினார். கோப்புப் பட்டியலில் எண்களை எண்களாகவே அது வரிசைப்படுத்தியது. ஆனால் மற்ற நிரலாளர்களும் எடுத்து ஆள வாய்த்தது, ஆஸ்திரேலியரான மார்ட்டின் பூல் 2000-இல் சி மொழியில் எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த `strnatcmp.c` என்ற சிறிய கோப்புதான். பிஎச்பி மொழியின் `natsort` அதிலிருந்து வந்தது.

அதன் உள்ளே இருக்கும் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. எண்ணை எண்ணாக மாற்றிப் பிறகு ஒப்பிடலாமே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அதில் ஒரு சிக்கல் உண்டு. 32 பிட் முழு எண்ணில் 2147483647-க்கு மேல் கொள்ளாது. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஆறையும் ஒட்டிப் படத்துக்குப் பெயர் வைத்தால் 14 இலக்கம் வரும், வழிந்துவிடும். பூல் எண்ணாக மாற்றவே இல்லை.

இரண்டு பெயர்களிலும் ஒவ்வொரு விரலை வைத்து நகர்த்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் வரும்வரை பழைய முறைதான். இரண்டு விரலும் இலக்கங்களைத் தொட்டதும் விதி மாறுகிறது. முதலில் எந்த இடத்தில் வேறுபாடு வருகிறதோ அதை மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். தீர்ப்பு சொல்லக் கூடாது. தொடர்ந்து நகர வேண்டும். ஒன்றில் இலக்கங்கள் முதலில் தீர்ந்துவிட்டால் அதுதான் சின்ன எண். இரண்டும் ஒன்றாகத் தீர்ந்தால் மட்டும், குறித்து வைத்த வேறுபாடு தீர்ப்பாகும்.

10-ஐயும் 2-ஐயும் பார்ப்போம். 1, 2-ஐவிடச் சின்னது, குறித்துக்கொள்கிறோம். அடுத்த அடியில் 2 தீர்ந்துவிட்டது, 10-இல் இன்னும் பூஜ்யம் இருக்கிறது. குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, 10 பெரியது என்கிறோம். 134, 127 என்றால் இரண்டாம் இடத்தில் 3 பெரியது என்று குறிக்கிறோம். இரண்டும் மூன்றாம் இலக்கத்தோடு முடிகின்றன. ஆகவே 134 பெரியது. இலக்கங்கள் நூறு இருந்தாலும் இது வழியாது.

முன்னால் பூஜ்யம் வந்தால் மட்டும் பூல் வேறு வழி போனார். 1.001, 1.02, 1.1 போன்ற தசமங்கள் சரியாக நிற்க வேண்டும் என்று, பூஜ்யத்தில் தொடங்கும் இலக்கங்களை இடமிருந்தே ஒப்பிட வைத்தார். அதனால் ஒரே அடுக்கில் பக்கம்7 என்றும் பக்கம்08 என்றும் கலந்து வைத்தால், அவருடைய மூல நிரலில் 08 முந்திவிடும். விண்டோஸ் 08-ஐ 8 என்றே எடுத்து 7-க்குப் பின்னால் வைக்கும். பூஜ்யம் போட்டால் எல்லாவற்றுக்கும் போட வேண்டும். இல்லையென்றால் ஒன்றுக்கும் போடக் கூடாது.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இந்த வரிசையைத் தன் கோப்பு ஜன்னலுக்குள் கொண்டுவந்தது. அதற்கு முந்திய விண்டோஸ் 2000-இல் பழைய வரிசைதான். என் பெரியவருக்கு நேர்ந்ததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஜன்னலில் பார்க்கும் வரிசை ஜன்னலுக்கு மட்டும் உரியது. பிடிஎஃப் சேர்க்கும் மென்பொருள் பெயர்களைத் தானே எழுத்து வரிசையில் அடுக்கிக்கொள்ளலாம். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தது, சேர்க்கும்போது குலைந்தது. லினக்ஸில் இந்த இரண்டையும் நேராகப் பார்க்கலாம்:

```
ls -1
ls -1v
```

முதல் கட்டளை 10-ஐ முன்னால் வைக்கும். இரண்டாவது 2-ஐ வைக்கும்.

இந்த வரிசை எண்ணை அறியும், பொருளை அறியாது. 15-8-2024, 2-9-2024 என்று தேதியில் பெயர் வைத்தால் செப்டம்பர் 2 முந்தி நிற்கும், 2 என்பது 15-ஐவிடச் சின்னது என்பதால். தேதிக்கு ஆண்டை முன்னால் போட வேண்டும். புல எண்ணில் 12-2, 12-10 என்ற உட்பிரிவுகள் சரியாக வரும்.

தமிழ் எண்களில் இதைப் போட்டுப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நம் பழைய முறையில் பத்துக்குத் தனிக் குறி உண்டு: ௰. யூனிகோடில் அது ௯-க்கு அடுத்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே ௧, ௨ தொடங்கி ௯, ௰, ௰௧ என்று ௰௯ வரை, எந்தப் புது நிரலும் இல்லாமல் வெறும் எழுத்து வரிசையிலேயே சரியாக நிற்கும். இருபதில்தான் குலைகிறது. ௨௰ என்பது ௨-இல் தொடங்குவதால் ௨-க்கும் ௩-க்கும் நடுவே போய் உட்கார்ந்துவிடும். பூலின் நிரல் 0 முதல் 9 வரையுள்ள குறிகளைத்தான் எண்ணாக எடுக்கும். அது இங்கே உதவாது.

பெரியவரின் பத்திரத்துக்கு 01 முதல் 34 வரை மறுபடி பெயர் வைத்துச் சேர்த்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தப் பிடிஎஃப் ஆனாலும் இரண்டாவது பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் கொடுக்கிறேன். ஒன்பது பக்கத்துக்கு மேல் இருக்கும் எதைச் சேர்த்தாலும் நீங்களும் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். அங்கே 10 நின்றால் வரிசை குலைந்திருக்கிறது.