சராசரித் தரவரிசை

சராசரித் தரவரிசை என்பது, ஒரு பட்டியலில் உள்ள ஒவ்வொரு மதிப்பையும் அதன் தரவரிசை எண்ணால் மாற்றும்போது, சமமான மதிப்புகளுக்கு அவை பிடிக்கும் இடங்களின் சராசரியை வழங்கும் புள்ளியியல் முறை ஆகும்.

எடுத்துக்காட்டு

ஆறு மாணவர்களின் மதிப்பெண்கள் 72, 65, 72, 80, 72, 58 எனக் கொள்க. இறங்குவரிசையில் 80 முதலிடம் பெறும். மூன்று 72களும் 2, 3, 4 ஆகிய இடங்களைப் பிடிப்பதால், ஒவ்வொன்றின் தரமும் (2+3+4)/3 = 3 ஆகும். அடுத்துள்ள 65 ஐந்தாம் இடத்தையும், 58 ஆறாம் இடத்தையும் பெறும். R மொழியில் `rank` சார்பு இயல்பாகவே இம்முறையைப் பின்பற்றுகிறது. அது சிறிய மதிப்புக்கே முதல் தரம் அளிப்பதால் கழித்தல் குறி இடப்படுகிறது:

```
> rank(-c(72, 65, 72, 80, 72, 58))
[1] 3 5 3 1 3 6
```

பண்புகள்

தரங்களின் கூட்டுத்தொகை, சமநிலை இல்லாதபோது கிடைக்கும் 21 ஆகவே உள்ளது. மூவருக்கும் இரண்டாம் தரம் வழங்கும் பள்ளி வழக்கத்தில் இது 18 ஆகக் குறைந்துவிடும். ஆனால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 91 இலிருந்து 89 ஆகக் குறைகிறது. t மதிப்புகள் சமமாயின் இக்குறைவு (t³−t)/12. ஆகவே சமநிலைகள் உள்ளபோது, இசுபியர்மன் ஒட்டுறவுக் கெழுவுக்கான 1 − 6Σd²/(n(n²−1)) என்ற சுருக்கச் சூத்திரம் துல்லியமாகாது. தரங்களுக்கிடையே பியர்சன் கெழுவைக் கணக்கிடுவதே சரி.

வரம்புகள்

கணினியில் 0.1 + 0.2 என்பதும் 0.3 என்பதும் சற்றே வேறுபட்ட எண்களாகச் சேமிக்கப்படுவதால், அவை வெவ்வேறு தரம் பெறக்கூடும். தரப்படுத்துமுன் தேவையான தசம இடங்களுக்கு முழுமையாக்குவது நன்று.

சேர்க்கைக்கு இம்முறை உதவாது, ஓர் இடத்தை மூவருக்குப் பகிர இயலாதே. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் தரவரிசை மதிப்பெண் சமமானால், முதலில் கணித மதிப்பெண் ஒப்பிடப்படுகிறது.